கிளை எத்தனை நாள் வாழலாம்?

நான்கு டெவலப்பர்கள் மட்டுமே உள்ள ஒரு குழு, எழுதிய கோடை எப்போது ஒன்றுசேர்ப்பது என்பதை எப்படி முடிவு செய்யலாம்?

நான்கு பேர் சேர்ந்து ஒரு மென்பொருளை எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கோட் ஒன்றுதான், ஆனால் அது நான்கு கணினிகளில் ஒரே நேரத்தில் மாறிக்கொண்டிருக்கிறது. ஒருவர் எழுதுவது இன்னொருவர் வேலையைக் கெடுக்காமல் இருக்க, கிட் என்ற கருவி ஒரு வசதி தருகிறது. பொதுவான கோடிலிருந்து உங்களுக்கென்று ஒரு கிளை பிரித்துக்கொள்ளலாம். டெவலப்பர்கள் இதை பிராஞ்ச் என்பார்கள். அந்தக் கிளையில் நீங்கள் எதை மாற்றினாலும் மற்றவர்களுக்குத் தெரியாது. வேலை முடிந்ததும் கிளையை மெயின் என்ற பொதுத் தண்டோடு மெர்ஜ் செய்கிறீர்கள்.

கிளை பிரிப்பது எல்லாருக்கும் பொதுவான பழக்கம். எத்தனை நாள் கழித்துச் சேர்ப்பது என்பதில்தான் இரண்டு வழிகள் பிரிகின்றன. ஒரு வசதி முழுதாக முடியும்வரை, அதாவது இரண்டு வாரமோ ஒரு மாதமோ, கிளையைத் தனியே வைத்திருப்பது ஒரு வழி. இதுதான் நீண்டநாள் ஃபீச்சர் பிராஞ்ச். முடிந்தாலும் முடியாவிட்டாலும் ஒவ்வொருவரும் தினமும் ஒருமுறையாவது தம் வேலையை மெயினில் சேர்ப்பது மற்றொன்று. இதற்கு ட்ரங்க் பேஸ்டு டெவலப்மென்ட் என்று பெயர்.

முதல் வழி பாதுகாப்பாகத் தோன்றும். அரைகுறை வேலை யார் கண்ணிலும் படாது, மெயின் எப்போதும் சுத்தமாக இருக்கும். இரண்டாவது வழியைக் கேட்டதும் பலருக்குப் பதற்றம் வரும். முடியாத வேலையை எப்படிப் பொதுவில் சேர்ப்பது? இந்தப் பதற்றத்தில் நியாயம் உண்டு, அதற்குப் பதிலும் உண்டு. ஆனால் முதலில் அந்தப் பாதுகாப்பு எவ்வளவு உண்மையானது என்று பார்த்துவிட வேண்டும்.

மருந்துக்கடை பில்லில் நடப்பது

மருந்துக்கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்யும் நான்கு பேர் குழு ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். ஒருவர் பில் பகுதியைப் பார்க்கிறார். ஒருவர் சரக்கு இருப்பு, ஒருவர் வரி அறிக்கைகள். நான்காமவர் வீட்டுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் டெலிவரி வசதியைப் புதிதாக எழுதுகிறார். நால்வரும் தனித்தனிக் கிளையில் மூன்று வாரமாக வேலை செய்கிறார்கள்.

மெயினில் பில் தொகையைக் கணக்கிடும் ஃபங்ஷன் இப்படி இருக்கிறது:

```python
def bill_total(items):
    return sum(i.price * i.qty for i in items)
```

இது தொகையை ரூபாயில், தசம எண்ணாகத் தருகிறது. தசம எண்களைக் கணினி துல்லியமாக வைத்துக்கொள்வதில்லை, அதனால் சில பில்களில் ஒரு பைசா கூடும் அல்லது குறையும். பில் பகுதியைப் பார்ப்பவர் இதைச் சரிசெய்ய முடிவெடுக்கிறார். விலைகள் எல்லாவற்றையும் பைசாவில், முழு எண்ணாக வைக்கிறார். இனி 247.50 ரூபாய் என்பது 24750. தம் கிளையில் இருக்கும் பழைய இடங்கள் எல்லாவற்றையும் கவனமாக மாற்றி, டெஸ்டுகளையும் மாற்றிவிடுகிறார். அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை.

அதே மூன்று வாரத்தில், டெலிவரி எழுதுபவர் தம் கிளையில் ஒரு புதிய ஃபைல் தொடங்குகிறார். 500 ரூபாய்க்கோ அதற்கு மேலோ வாங்கினால் டெலிவரி இலவசம், இல்லையென்றால் 40 ரூபாய் என்பது கடைக்காரர்கள் சொன்ன விதி.

```python
def delivery_fee(items):
    if bill_total(items) >= 500:
        return 0
    return 40
```

அவர் வேலையிலும் குறை இல்லை. அவர் கிளையில் `bill_total` இன்னும் ரூபாயில்தான் இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து இரண்டு கிளைகளும் மெயினுக்கு வருகின்றன. கிட் எந்த மோதலையும் காட்டாது. பெரும்பாலும் இருவரும் ஒரே இடத்தைத் தொட்டால்தான் அது எச்சரிக்கும். இங்கே ஒருவர் பழைய ஃபைலில் மாற்றினார், மற்றவர் புதிய ஃபைலில் எழுதினார். மெர்ஜ் சுத்தமாக முடிகிறது.

டெஸ்டும் பிடிக்காமல் போகலாம். டெலிவரி டெஸ்டில் உண்மையான பில்லைக் கணக்கிடாமல், ‘பில் தொகை 450 என்று வைத்துக்கொள்’ என்று ஒரு போலி மதிப்பைக் கொடுத்திருப்பார்கள். டெஸ்ட் எழுதுவதில் இது சாதாரணமான பழக்கம். 450 என்பது 500-ஐவிடக் குறைவு, கட்டணம் 40, டெஸ்ட் பச்சை. ஆனால் கடையில் நடப்பது வேறு. 247.50 ரூபாய்க்கு மருந்து வாங்குபவரின் தொகை இப்போது 24750. அது 500-க்கு மேல், ஆகவே டெலிவரி இலவசம். ஐந்து ரூபாய்க்கு வாங்கினாலும் இலவசம். மென்பொருள் நிற்காது, பிழைச் செய்தி வராது, பில்லில் மருந்து விலையும் சரியாக இருக்கும். டெலிவரிக் கட்டணம் மட்டும் காணாமல் போயிருக்கும். மாதக் கடைசியில் கடைக்காரர் கணக்குப் பார்க்கும்போதுதான் தெரியவரும்.

வரிகள் மோதாமல் பொருள் மோதுவதை டெவலப்பர்கள் செமாண்டிக் கான்ஃப்ளிக்ட் என்கிறார்கள். மெர்ஜ் என்றதும் எல்லாரும் அஞ்சுவது திரையில் சிவப்பாகத் தெரியும் வரி மோதலுக்கு. அதைக் கண்ணால் பார்க்க முடியும், உட்கார்ந்து தீர்க்கவும் முடியும். கண்ணுக்குத் தெரியாத பொருள் மோதலுக்குத்தான் நான் அதிகம் அஞ்சுவேன். கிளை நீண்டநாள் வாழ வாழ, இருவர் மனத்திலும் அதே ஃபங்ஷனுக்கு வேறு வேறு பொருள் வேரூன்றிக்கொண்டே போகும்.

தினமும் இழுத்துக்கொண்டால் போதாதா?

இதைச் சொன்னதும் அனுபவமுள்ள ஒருவர் கேட்பார்: கிளையைத் தனியே வைத்திருந்தாலும், தினமும் காலையில் மெயினில் உள்ளதை என் கிளைக்குள் இழுத்துக்கொண்டால் விலகல் வராதே?

நல்ல கேள்வி. இந்தப் பழக்கம் ஓரளவு உதவும். ஆனால் மற்றவர்கள் சேர்த்தால்தான் மெயினில் புதிதாக ஏதாவது இருக்கும். நால்வரும் மூன்று வாரம் தத்தம் கிளையிலேயே வைத்திருந்தால், மெயின் மூன்று வாரமும் அசையாமல் நிற்கும். தினமும் இழுத்தாலும் வருவது ஒன்றுமில்லை. பில் எழுதுபவரின் பைசா மாற்றம் டெலிவரி எழுதுபவரின் கண்ணில் பட வேண்டுமானால், அவர் இழுப்பது போதாது, இவர் சேர்க்க வேண்டும்.

நான்கு பேர் தனித்தனியே இருக்கும்போது இணைகள் ஆறு. பில்லும் டெலிவரியும், பில்லும் இருப்பும், இருப்பும் அறிக்கையும் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வோர் இணையிலும் மோதல் எவ்வளவு வரும் என்பது இருபக்க மாற்றங்களின் அளவைப் பொறுத்தது. கிளை வாழும் காலம் இரட்டித்தால் என் மாற்றமும் இரட்டிக்கிறது, உங்கள் மாற்றமும் இரட்டிக்கிறது. ஆகவே ஒரு மெர்ஜில் மோதும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. மெர்ஜ்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைவதைக் கழித்துப் பார்த்தாலும் மொத்தச் சுமை கூடுதல்தான். அதோடு, மூன்று வாரத்துக்கு முன் ஒரு வரியை ஏன் எழுதினோம் என்பது எழுதியவருக்கே மறந்திருக்கும். இன்று காலை எழுதியது என்றால் அடுத்த நாற்காலியில் இருப்பவரிடம் கேட்டு ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம்.

2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை உருவாக்கிய பிறகு, கிளை பிரிப்பதும் சேர்ப்பதும் கருவி அளவில் மிக எளிதாகிவிட்டன. அதற்கு முன் சப்வெர்ஷன் போன்ற கருவிகளில் கிளை சேர்ப்பது ஒரு பெரும்பாடு, அதனாலேயே பலர் கிளை பிரிக்கத் தயங்கினார்கள். கிட் அந்தத் தயக்கத்தைப் போக்கியது. ஆனால் அது எளிதாக்கியது வரிகளைச் சேர்ப்பதை. நால்வர் மனத்தில் இருக்கும் புரிதலைச் சேர்க்கும் வேலை அன்றைப் போலவே இன்றும் மனிதர்களிடம்தான் இருக்கிறது.

அதே மாற்றம், தண்டின் மீது

இப்போது அந்தக் குழுவே தினமும் மெயினில் சேர்க்கும் வழக்கத்துக்கு வருகிறது என்று கொள்வோம். ரூபாயிலிருந்து பைசாவுக்கு மாற்றுவது பெரிய வேலை. ஒரே நாளில் முடியாது. பிறகு எப்படித் தினமும் சேர்ப்பது?

பழையதை உடனே மாற்றாமல், புதியதை அதன் பக்கத்தில் வைப்பதே வழி. திங்கட்கிழமை பில் எழுதுபவர் `bill_total`-ஐத் தொடுவதில்லை. `bill_total_paise` என்று புதிய ஃபங்ஷன் ஒன்றை எழுதி, அதற்கு டெஸ்ட் எழுதி, மாலையில் மெயினில் சேர்க்கிறார். அதை இன்னும் யாரும் பயன்படுத்தவில்லை, ஆகவே எதுவும் கெடாது. ஆனால் அது எல்லாருக்கும் தெரியும் இடத்தில் இருக்கிறது.

செவ்வாய் முதல் பழைய ஃபங்ஷனை அழைக்கும் இடங்களை ஒவ்வொன்றாகப் புதியதற்கு மாற்றுகிறார். எந்தெந்த இடங்கள் என்று ஒரே கட்டளையில் தெரிந்துகொள்ளலாம்:

```
git grep -n "bill_total("
```

இன்று ரசீது அச்சிடும் இடம், நாளை வரி அறிக்கை. ஒவ்வொன்றும் சில மணி நேர வேலை, ஒவ்வொன்றும் தனியாகச் சேர்க்கப்படுகிறது. புதன்கிழமை டெலிவரி எழுதுபவர் மெயினை இழுத்ததும் இரண்டு ஃபங்ஷன்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கிறார். எதைப் பயன்படுத்துவது என்று கேட்கிறார். ‘பைசா’ என்ற பதில் வருகிறது. தம் கோடில் 50000 என்று எழுதுகிறார். மாதக் கடைசியில் கடைக்காரர் கண்டுபிடித்திருக்கக்கூடிய தவறு, இரண்டு நிமிடப் பேச்சில் பிறக்காமலே போகிறது.

எல்லா இடங்களும் மாறியபின், மேலே உள்ள கட்டளை பழைய ஃபங்ஷனின் வரையறையையும் டெஸ்டையும் தவிர வேறெதையும் காட்டாது. அப்போது அந்தப் பழையதை அழித்துவிடுகிறார். புதியதைப் பக்கத்தில் வைப்பது, ஒவ்வொன்றாக நகர்த்துவது, பழையதை அகற்றுவது என்ற இந்த மூன்று படி முறைக்கு பேரலல் சேஞ்ச் என்று பெயர். டேட்டாபேஸிலும் இதேதான். பைசாவுக்குப் புதிய காலம் ஒன்றைச் சேர்த்து, சிலகாலம் இரண்டிலும் எழுதி, பழைய பதிவுகளை நிரப்பி, படிப்பதைப் புதியதற்கு மாற்றி, கடைசியில் பழைய காலத்தை நீக்க வேண்டும்.

இதற்கு மொத்தத்தில் கொஞ்சம் கூடுதல் உழைப்பு ஆகும் என்பதை மறைக்கத் தேவையில்லை. சிலகாலம் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு ஃபங்ஷன்கள் கோடில் இருக்கும். மூன்றாவது படியை மறந்துவிட்டால் அந்தக் குப்பை நிரந்தரமாகத் தங்கிவிடும். அகற்றும் வேலையையும் முதல் நாளே வேலைப்பட்டியலில் எழுதி வைப்பதுதான் அதற்கு மருந்து.

முடியாத வசதியை மறைத்து வைப்பது

டெலிவரி வசதி மூன்று வார வேலை. அதன் பாதி கோட் மெயினில் இருந்தால் வாடிக்கையாளர் கண்ணில் பட்டுவிடாதா? இதற்கு விடை ஃபீச்சர் ஃபிளாக்.

```python
if flags.enabled("home_delivery"):
    show_delivery_form()
```

ஃபிளாக் அணைந்திருக்கும்வரை டெலிவரிப் படிவம் யாருக்கும் தெரியாது. கோட் மெயினில் இருக்கிறது, மற்றவர் கோடோடு சேர்ந்தே ஓடுகிறது, டெஸ்ட் ஆகிறது, ஆனால் திறக்கப்படவில்லை. டெலிவரி எழுதுபவர் முதலில் முகவரிகளுக்கான டேட்டாபேஸ் டேபிளைச் சேர்க்கலாம். அடுத்து கட்டணக் கணக்கு, அடுத்து படிவம். பெரும்பாலான பகுதிகளுக்கு ஃபிளாக்கே வேண்டியதில்லை. வாடிக்கையாளர் நுழையும் அந்த ஒரு கதவுக்கு மட்டும் போதும். எல்லாம் முடிந்ததும் முதலில் ஒரு கடைக்கு மட்டும் திறந்து பார்த்துவிட்டு, பிறகு எல்லாருக்கும் திறக்கலாம். வெளியிடும் நாள், மெர்ஜ் செய்யும் நாள் ஆகிய இரண்டும் வேறாகிவிடுவது இதனால் கிடைக்கும் பெரிய லாபம்.

நான்கு பேர் குழுவுக்கு இதற்கென்று கட்டணச் சேவை எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஃபிளாக் பெயர்களும் அவை எரிகிறதா அணைந்ததா என்பதும் உள்ள ஒரு கான்ஃபிக் ஃபைல் போதும். ஆனால் இரண்டு ஒழுங்குகள் கட்டாயம். எரியும்போதும் அணைந்திருக்கும்போதும் டெஸ்ட் ஓட வேண்டும். வசதி நிலைபெற்றதும் ஃபிளாக்கையும் அது மறைத்த பழைய வழியையும் அழித்துவிட வேண்டும்.

அழிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கப் பங்குச்சந்தையில் ஒரு கொடுமையான பாடம் இருக்கிறது. 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிடல் என்ற நிறுவனம் தன் வர்த்தக மென்பொருளில் ஒரு புதிய வசதியைத் திறந்தது. அதற்குப் புதிய ஃபிளாக் வைக்காமல், பல ஆண்டுகளாகப் பயன்படாத பழைய வசதி ஒன்றின் ஃபிளாக்கையே எடுத்துக்கொண்டார்கள். எட்டு சர்வர்களில் ஏழில்தான் புதிய கோட் போய்ச் சேர்ந்திருந்தது. எட்டாவதில் பழைய கோட் அப்படியே கிடந்தது. ஃபிளாக் எரிந்ததும் அந்த ஒரு சர்வரில், செத்துப்போனதாக நினைத்த பழைய வசதி விழித்துக்கொண்டு பங்குகளை வாங்கியும் விற்றும் தள்ளியது. 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். நிறுவனம் தனித்து நிற்க முடியாமல் போய், அடுத்த ஆண்டு வேறொரு நிறுவனத்தோடு இணைந்தது.

இதைக் காட்டி ஃபிளாக்கே வேண்டாம் என்று சொல்வது சரியாகாது. ஃபிளாக் பெயரை மறுபடி பயன்படுத்தாதே, செத்த கோடை விட்டுவைக்காதே என்பதே அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. எரியும் ஃபிளாக்குகள் எத்தனை, ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் அகற்றப்பட வேண்டும் என்ற பட்டியலை நான்கு பேரும் வாரம் ஒருமுறை சேர்ந்து பார்த்தால் போதும். அந்தப் பட்டியல் வளர்ந்துகொண்டே போனால், கிளைகளில் இருந்த சிக்கலை ஃபிளாக்குகளுக்கு மாற்றியிருக்கிறோம் என்று பொருள்.

இதற்கு என்னென்ன இருக்க வேண்டும்

தினமும் சேர்ப்பது என்று அறிவித்துவிட்டு, மற்ற எதையும் மாற்றாமல் இருந்தால் மெயின் தினமும் உடையும். மூன்று விஷயங்கள் கைவசம் இருக்க வேண்டும்.

முதலாவது, தானாக ஓடும் டெஸ்ட். ஒவ்வொரு மாற்றமும் மெயினில் சேருமுன் டெஸ்டுகள் ஓட வேண்டும், சிவப்பாக இருந்தால் சேராமல் தடுக்கப்பட வேண்டும். அவை எவ்வளவு நேரத்தில் முடிகின்றன என்பது மிக முக்கியம். எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறையை வகுத்த கென்ட் பெக், கோடைக் கட்டி டெஸ்ட் ஓட்டி முடிக்கப் பத்து நிமிடம் என்று எல்லை வைத்தார். ஒரு மணி நேரம் ஆகும் டெஸ்டுக்கு யாரும் ஒரு நாளில் மூன்று முறை காத்திருக்க மாட்டார்கள். மாற்றங்களைச் சேர்த்து வைத்து ஒரேயடியாக அனுப்புவார்கள், கிளை மறுபடி நீளும். மருந்துக்கடைக் கதையில் பார்த்ததுபோல், போலி மதிப்போடு ஓடும் டெஸ்டுகள் மட்டும் போதாது. உண்மையான பில்லோடு முழுச் சுற்று ஓடும் டெஸ்டுகள் சிலவாவது வேண்டும்.

இரண்டாவது, ரிவியூ. சிறிய குழுக்களில் இந்த முறை தோற்பது பெரும்பாலும் இங்கேதான். ஒருவர் மதியம் அனுப்பிய மாற்றத்தை இன்னொருவர் இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், ஒருநாள் கிளை என்பது வெறும் பேச்சாகிவிடும். காலையில் வந்ததும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்ததும், தம் வேலையைத் தொடுமுன் காத்திருக்கும் ரிவியூக்களை முடிப்பது என்று நால்வரும் ஒப்புக்கொள்ள வேண்டும். மாற்றம் நூறு, இருநூறு வரிக்குள் இருந்தால் கால்மணி நேரத்தில் கவனமாகப் படித்துவிடலாம். இரண்டாயிரம் வரி வந்தால் யாரும் படிப்பதில்லை, மேலோட்டமாகப் பார்த்துச் சரி என்று விட்டுவிடுவார்கள். இருவர் ஒரே திரை முன் சேர்ந்து எழுதியிருந்தால், எழுதும்போதே ரிவியூ முடிந்துவிட்டதாகக் கொள்ளலாம்.

மூன்றாவது, உடைந்தால் உடனே பின்வாங்கும் பழக்கம். என்ன கவனமாக இருந்தாலும் மெயின் சில நாள் உடையும். அப்போது மற்ற மூவர் வேலையும் நிற்கும். காரணத்தைத் தேடிக்கொண்டு மெயினை உடைந்த நிலையில் வைத்திருக்கக் கூடாது. கடைசியாகச் சேர்ந்த மாற்றத்தை `git revert` கொண்டு முதலில் திரும்ப எடுத்துவிட்டு, காரணத்தைப் பிறகு நிதானமாகத் தேடலாம். யார் முதலில் பார்க்கிறார்களோ அவர் திரும்ப எடுக்கலாம், யாரும் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மாற்றங்கள் சிறியவையாக இருப்பதால்தான் இது சாத்தியமாகிறது. மூன்று வாரக் கிளையைத் திரும்ப எடுப்பது என்றால் மூன்று வார வேலையையே தூக்கி வெளியே வைப்பது.

இந்த முறைக்கு ஆதாரம் உண்டா என்று கேட்பவர்கள், நிக்கோல் ஃபோர்ஸ்கிரன், ஜெஸ் ஹம்பிள், ஜீன் கிம் ஆகியோர் 2018-இல் வெளியிட்ட ‘ஆக்சிலரேட்’ நூலைப் பார்க்கலாம். பல நிறுவனங்களில் எடுத்த கருத்தாய்வுகளை வைத்து எழுதப்பட்டது அது. ஒரே நேரத்தில் மூன்றுக்கும் குறைவான கிளைகள், ஒரு நாளுக்கும் குறைவான கிளை ஆயுள், சேர்ப்பதற்கென்று வேலையை நிறுத்தி வைக்கும் காலம் இல்லாமை ஆகியவை சிறப்பாக இயங்கும் குழுக்களில் சேர்ந்தே காணப்பட்டன என்கிறார்கள். கருத்தாய்வு என்பதால் காரணம் எது, விளைவு எது என்பதை அதுமட்டுமே நிரூபித்துவிடாது. ஆனால் பைசாக் கதையில் நாம் பார்த்த இயங்குமுறையோடு அந்த முடிவு ஒத்துப்போகிறது.

நீண்ட கிளை எங்கே நியாயம்

எல்லாருக்கும் ஒரே விடை கிடையாது. நீண்டநாள் கிளைகளை அடிப்படையாகக் கொண்ட புகழ்பெற்ற முறை கிட் ஃப்ளோ. நெதர்லாந்தைச் சேர்ந்த வின்சென்ட் ட்ரீசன் 2010-இல் அதை எழுதினார். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான குழுக்கள் அதைப் பின்பற்றின. பத்து ஆண்டு கழித்து 2020-இல் அதே கட்டுரையின் தொடக்கத்தில் அவரே ஒரு குறிப்பைச் சேர்த்தார். தொடர்ந்து வெளியிடப்படும் வெப் ஆப்கள் எழுதும் குழுக்கள் இதைவிட எளிய முறைக்குப் போகலாம், வெர்ஷன் எண் இட்டு வெளியிடும் மென்பொருளுக்கும், பல வெர்ஷன்கள் ஒரே நேரத்தில் புழக்கத்தில் இருக்கும் மென்பொருளுக்கும் இது இன்னும் பொருந்தும் என்பது அதன் சாரம். தன் புகழ்பெற்ற முறைக்குத் தானே எல்லை வகுத்த அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

அந்த எல்லையை நம் குழுவுக்குப் பொருத்திப் பார்ப்போம். பில்லிங் மென்பொருள் ஒரே சர்வரில் ஓடி, எல்லாக் கடைகளும் பிரவுசரில் திறப்பதாக இருந்தால், உலகில் இருப்பது ஒரே வெர்ஷன். நீண்ட கிளைக்குத் தேவையே இல்லை. ஒவ்வொரு கடையின் கணினியிலும் தனித்தனியே இன்ஸ்டால் செய்வதாக இருந்து, சிலர் போன ஆண்டு வெர்ஷனிலேயே இருப்பார்கள் என்றால், அந்தப் பழைய வெர்ஷனுக்கு ஒரு கிளை நீண்டநாள் உயிரோடு இருந்தாக வேண்டும். ஆனால் அது ரிலீஸ் கிளை. புதிய வசதிகள் அதில் வளர்வதில்லை. பிழைத் திருத்தத்தை முதலில் மெயினில் செய்துவிட்டு, `git cherry-pick` மூலம் அந்தக் கிளைக்குக் கொண்டுபோக வேண்டும். வரிசை தலைகீழானால், திருத்திய பிழை அடுத்த வெர்ஷனில் மீண்டும் முளைக்கும். மொபைல் ஆப் எழுதுபவர்களுக்கும் இதே ஏற்பாடு பொருந்தும்.

முன்பின் தெரியாத வெளியாட்கள் கோட் அனுப்பும் திறமூலத் திட்டங்களிலும் மாற்றம் நெடுநாள் வெளியே காத்திருப்பது நியாயம், அங்கே நம்பிக்கையை முதலில் சோதிக்க வேண்டியிருக்கிறது. ஒரு யோசனை நடக்குமா என்று பார்ப்பதற்கு மட்டும் எழுதும் சோதனைக் கிளையும் இருக்கலாம். பார்த்து முடித்ததும் அதை அழித்துவிட்டு, கற்றதை வைத்துப் புதிதாக எழுதுவது என்று முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். டெஸ்டே இல்லாத பழைய கோட் கையில் இருக்கும் குழு இன்றே தினசரி மெர்ஜுக்கு மாறக் கூடாது. பணம் தொடும் இடங்களுக்காவது டெஸ்ட் எழுதுவதில் சில வாரம் செலவிட்டுவிட்டு மாறுவது நல்லது.

எங்கிருந்து தொடங்குவது

மாற விரும்பும் குழு முதலில் இப்போது எங்கே நிற்கிறது என்று அளக்கலாம். ஒவ்வொரு கிளைக்கும் இந்தக் கட்டளையை ஓட்டினால், மெயினில் இன்னும் சேராத முதல் கமிட் எவ்வளவு பழையது என்று காட்டும்:

```
git log --reverse --format='%ar %s' origin/main..origin/home-delivery | head -1
```

விடை ‘3 weeks ago’ என்று வந்தால், மூன்று வாரப் புரிதல் ஒருவர் கணினியில் மட்டும் இருக்கிறது. அதை அப்படியே ஒரே நாளில் மெயினில் கொட்ட வேண்டாம். கிளைக்குள் புகுந்து, தனியாக நிற்கக்கூடிய துண்டுகளைத் தேடுங்கள். பெயர் மாற்றம், புதிய டேபிள், எல்லாருக்கும் பயன்படும் சிறு ஃபங்ஷன் போன்றவை இருக்கும். மற்றவர் கோடைத் தொடும் துண்டுகளை முதலில் சேருங்கள், ஏனென்றால் பொருள் மோதல் பிறக்கும் இடம் அவைதான். தனியே நிற்கும் புதிய ஃபைல்கள் ஃபிளாக்குக்குப் பின்னால் கடைசியாக வரலாம்.

அடுத்த வாரம் முதல் கிளைக்கு மூன்று நாள் எல்லை வையுங்கள். அந்த எல்லை இடிக்கும் இடமெல்லாம் ஒரு தகவல் தரும். டெஸ்ட் மெதுவாக இருக்கிறதா, ரிவியூ தேங்குகிறதா, வேலையைத் துண்டாக்கத் தெரியவில்லையா என்று அப்போதுதான் வெளியே வரும். அந்தத் தடையை நீக்கிவிட்டு எல்லையை ஒரு நாளாகக் குறையுங்கள்.

நான்கு பேர் குழுவுக்குப் பெரிய நிறுவனங்களிடம் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. கோடில் நடக்கும் எல்லா மாற்றத்தையும் நால்வராலும் தினமும் படித்துவிட முடியும். நீண்ட கிளைகள் அந்த வசதியைக் கெடுக்கின்றன, ஒரே அறையில் இருப்பவர்களை வாரக்கணக்கில் ஒருவர் வேலை ஒருவருக்குத் தெரியாதவர்களாக ஆக்குகின்றன. ஆகவே உங்கள் மென்பொருள் ஒரே வெர்ஷனாக ஓடுகிறது, பணம் தொடும் இடங்களில் டெஸ்ட் இருக்கிறது, அன்றன்றே ரிவியூ செய்ய நால்வரும் சம்மதிக்கிறார்கள் என்றால் தண்டிலேயே வேலை செய்யுங்கள். இந்த மூன்றில் எது இல்லையோ, அதைச் சரிசெய்வதே உங்கள் குழுவின் அடுத்த வேலை.